சிறையில் இருப்பவர் மனம் உடைந்தால்: குடும்பம் எழுதிக் கேட்க வேண்டியவை

‘விசாரணைக் கைதி சிறையில் தற்கொலை; மன உளைச்சலில் இருந்ததாக அதிகாரிகள் தகவல்.’ நாலு வரியில் இப்படி ஒரு செய்தி வரும், அடுத்த நாள் மறைந்துவிடும். படிப்பவர் மனதில் கேள்விகள் மட்டும் மிஞ்சும். மன உளைச்சலில் இருந்தது யாருக்குத் தெரிந்திருந்தது? தெரிந்தபின் என்ன செய்தார்கள்? குடும்பம் முன்கூட்டியே ஏதாவது கேட்டிருக்க முடியுமா?

கேட்டிருக்க முடியும். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, விதிகளில் எண்ணிக்கை வரை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வார்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்ன கவலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிய ஒரு பக்கக் கடிதத்துக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது.

உதாரணத்துக்கு பெங்களூரு பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீராம்புரம், விவேக் நகர், ஈஜிபுரா, லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் உள்ளே இருப்பவரைச் சந்திக்க, அதாவது மனு பார்க்கப் போய் நிற்பது அங்கேதான். இங்கே சொல்லும் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மும்பைக்கும் டெல்லிக்கும் இதுவே பொருந்தும்.

## ஆபத்து எப்போது கூடுகிறது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சிறைகளில் நடந்த இயற்கைக்கு மாறான மரணங்கள் 159. அவற்றில் 119 தற்கொலைகள். சிறைக்குள் அடிதடி, கொலை என்றுதான் நாம் அதிகம் பயப்படுகிறோம். ஆனால் இயற்கைக்கு மாறாக இறந்த 4 பேரில் ஏறக்குறைய 3 பேர் தாங்களே உயிரை முடித்துக்கொண்டவர்கள். அதே ஆண்டில் சிறைகளில் இருந்தவர்களில் 100க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள்.

சிறைவாசம் முழுவதும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. சில நாள்களில் சட்டென்று ஏறும். உள்ளே போன முதல் சில நாள்கள் அப்படிப்பட்டவை. அவமானம், தூக்கமின்மை, கூட்டம், வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாத தவிப்பு எல்லாம் ஒன்றாக வந்து விழும் நேரம் அது. அப்புறம் ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், தீர்ப்பு வந்த நாள், வேறு சிறைக்கோ வேறு பேரக்குக்கோ மாற்றப்பட்ட நாள், வீட்டிலிருந்து சாவுச் செய்தியோ மனைவி பிரிந்துபோன செய்தியோ வந்த நாள்.

குடிப்பழக்கம் உள்ளவருக்கு இன்னொரு ஆபத்தும் சேரும். கைதான உடனே குடி நின்றுவிடுகிறது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் குழப்பம் வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். இது உயிருக்கே ஆபத்தான மருத்துவ அவசரம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ‘நடிக்கிறான்’ என்றுதான் தெரியும். வீட்டுக்காரர் தினமும் எவ்வளவு குடிப்பார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். சிறை மருத்துவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

## நுழைவுப் பரிசோதனையில் எது தவறிப்போகிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது. அதன் கீழ் 2018இல் வந்த விதிகளில் சிறைகளுக்கான குறைந்தபட்சத் தரம் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் உடல் பரிசோதனையோடு மனநிலைப் பரிசோதனையும் கட்டாயம். குடி, போதைப் பழக்கம் பற்றிக் கேட்க வேண்டும். அத்தியாவசிய மனநல மருந்துகள் சிறையிலேயே இருக்க வேண்டும். தற்கொலை ஆபத்தில் இருப்பவரை எப்படிக் கையாள்வது என்று எழுதப்பட்ட நடைமுறை இருக்க வேண்டும்.

எண்ணிக்கையும் உண்டு. 500 கைதிகளுக்கு 1 மருத்துவர், 2 செவிலியர், 4 ஆலோசகர். மத்தியச் சிறை என்றால் ஒரு மனநல மருத்துவர். ஆலோசகர்கள் நெருக்கடி ஆலோசனை தர வேண்டிய நேரங்களைச் சொல்லும்போது, ஜாமீன் மறுப்பையும் தீர்ப்பு நாளையும் விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. ‘ஜாமீன் கிடைக்கலன்னா யாருக்குத்தான் வருத்தம் இருக்காது’ என்று யாராவது தட்டிக்கழித்தால் இதை நினைவில் வையுங்கள். அந்த வருத்தத்துக்கு ஆலோசகரை அனுப்ப வேண்டும் என்பதே விதி.

இத்தனை பேர் ஏன் தேவை என்பதைப் பெங்களூருவிலேயே பார்க்கலாம். அங்கே இருக்கும் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பெங்களூரு மத்தியச் சிறையில் 5,024 பேரைப் பரிசோதித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போதைப் பழக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலே 27.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. போதைப் பழக்கத்தையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட 80 சதவீதம். 5,000 பேர் உள்ள ஒரு சிறைக்கு விதிப்படி 40 ஆலோசகர்கள் வேண்டும். அந்த 40ஐ நெருங்கும் சிறையை நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறையில் முதலில் அடிபடுவது நுழைவுப் பரிசோதனைதான். புதிதாக வந்தவர்கள் வரிசையில் நிற்க, ‘ஏதாவது வியாதி இருக்கா?’ என்று கன்னடத்தில் ஒரு கேள்வி வரும். நம் ஆளுக்கு வியாதி என்றால் சுகர், பிபி. ‘இல்ல’ என்பார். கூடவே கைதானவன் பக்கத்தில் நிற்கும்போது ‘நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன்’ என்று யார் சொல்வார்கள்? அந்த ‘இல்ல’ படிவத்தில் ஏறியதும் அவருக்கு மனநலப் பிரச்சினையே கிடையாது என்றாகிவிடுகிறது. வீட்டில் அவர் மாத்திரை டப்பா அலமாரியில் இருக்கும்.

இந்த இடைவெளியைக் குடும்பம் மட்டுமே நிரப்ப முடியும்.

## நேர்காணலில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மனு போட்டுப் பார்க்கும் சில நிமிடங்களில் பாதி நேரம் வக்கீல், வாய்தா, பணம் என்றே போய்விடும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

1. எதிர்காலத்தை மூடிவைக்கும் பேச்சு. ‘எனக்காக அலையாதீங்க’, ‘வக்கீலுக்கு இனிமே பணம் கட்டாதீங்க’, ‘பிள்ளைங்கள நல்லா பாத்துக்க’, ‘நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி’. இவற்றைப் பாசப் பேச்சு என்றோ பொறுப்பு வந்துவிட்டது என்றோ நினைத்துவிடாதீர்கள்.

2. பொருளைக் கொடுத்துவிடுவது. நீங்கள் கொடுத்த போர்வையைப் பக்கத்துப் பையனுக்குத் தந்துவிட்டேன் என்பது, கேன்டீன் பணம் வேண்டாம் என்பது.

3. விலகல். மனு பார்க்க வரமாட்டேன் என்பது, போன் பேச முறை வந்தும் பேசாமல் விடுவது, சோறு இறங்கவில்லை, பல நாளாகத் தூக்கமில்லை என்பது.

4. காதில் குரல் கேட்கிறது, சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்பது. இவை தீவிர மனநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் சிறையில் உண்மையான மிரட்டலும் நடக்கும் என்பதால், இதை நோய் என்று நீங்களே முடிவு கட்டாமல் அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

5. திடீர் அமைதி. ஒரு வாரம் அழுதவர் எந்தக் காரணமும் இல்லாமல் தெளிவாக, லேசாகப் பேசுகிறார். தேறிவிட்டார் என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். சில சமயம் அது முடிவெடுத்துவிட்டவரின் அமைதி.

இவற்றோடு முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்றவர் என்ற வரலாறும் இருந்தால், காத்திருக்கக் கூடாது. அடுத்த முறை ஆபத்து உண்டா என்பதைச் சொல்லும் தடயங்களில் பழைய முயற்சி மிக வலுவானது.

நேராகக் கேட்கலாமா? கேட்கலாம், கேட்க வேண்டும். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்குச் சுமை குறைகிறது. ஒன்று மட்டும் கவனம்: பேசுவதைக் காவலர் கேட்டுக்கொண்டிருக்கலாம், போன் பதிவாகலாம். மனநிலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்; வழக்கு விவரத்தை வக்கீலுக்கு விட்டுவிடுங்கள்.

## ஓர் உதாரணம்: ஜாமீன் மறுக்கப்பட்ட இரண்டாம் நாள்

இது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. நடைமுறை விளங்குவதற்காகக் கோத்த உதாரணம்.

ஸ்ரீராம்புரத்தைச் சேர்ந்த 28 வயது டெம்போ டிரைவர். கைதாகி 12 நாள் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை உயிரை முடித்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு, நிம்ஹான்ஸ் புறநோயாளிப் பிரிவில் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவந்தவர். கைதான அன்றோடு மாத்திரை நின்றுவிட்டது. நுழைவுப் பரிசோதனையில் ‘இல்ல’ என்று சொன்னவர் இவர்தான். செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் மறுக்கப்பட்டு இரண்டு நாள் கழித்து அக்கா மனு பார்க்கப் போகிறார்.

தம்பி தலையைத் தூக்கவில்லை. “அக்கா, வக்கீலுக்கு இனிமே பணம் கட்டாத. அந்தக் காச பாப்பா ஸ்கூலுக்கு வெச்சுக்க” என்றார். போர்வை எங்கே என்று கேட்டதற்கு, “பக்கத்துல ஒரு பையன் குளிர்ல நடுங்குனான், குடுத்துட்டேன்” என்றார். அக்கா நேராகவே கேட்டார்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “ராத்திரியில தோணுதுக்கா.”

அங்கே அழுதுவிட்டு பஸ் ஏறி வந்து, நாளை வக்கீலிடம் சொல்லலாம் என்று இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. அந்த ஒரு ராத்திரியைத் தம்பி தனியாகக் கடக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் அன்றைக்கே செய்யக்கூடியவை இவை.

முதலில், நேர்காணல் முடிந்ததும் சிறை வளாகத்தை விட்டுப் போகாமல், பணியில் இருக்கும் ஜெயிலரிடம் பேச வேண்டும் என்று கேட்பது. ‘தம்பிக்கு மனசு சரியில்லை’ என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். அங்கே யாருக்கும் மனசு சரியில்லை. ‘முன்பு ஒருமுறை தற்கொலைக்கு முயன்றவர், மருந்து 12 நாளாக நின்றிருக்கிறது, சாக வேண்டும் என்று இன்று என்னிடம் சொன்னார்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்ட அதிகாரியால் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாத வாக்கியம் அது.

இரண்டாவது, அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதுவது. கன்னடமோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவரின் உதவி வேண்டியிருக்கும். இப்படி இருக்கலாம்:

“தலைமைக் கண்காணிப்பாளர் மற்றும் சிறை மருத்துவ அதிகாரி அவர்களுக்கு. என் தம்பி (பெயர், விசாரணைக் கைதி எண், பேரக்) இரண்டு ஆண்டுகளுக்கு முன் தற்கொலைக்கு முயன்றவர். நிம்ஹான்ஸில் சிகிச்சையில் இருந்தார். கோப்பு எண்ணும் மருந்துச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். கைதான நாள் முதல் மருந்து கிடைக்கவில்லை. அவர் ஜாமீன் மனு இரண்டு நாளுக்கு முன் தள்ளுபடியானது. இன்று நேர்காணலில் இறந்துவிட வேண்டும் என்று தோன்றுவதாக என்னிடம் சொன்னார். இன்றே மருத்துவ அதிகாரி அவரைப் பார்க்க வேண்டும், இன்றிரவு அவரைத் தனியாக விடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். என் தொலைபேசி எண் இது. இரவு எந்நேரமும் அழைக்கலாம்.”

இதில் புகார் தொனி இல்லை என்பதைக் கவனியுங்கள். புகார் கொடுத்தால் உள்ளே இருப்பவருக்குத் தொல்லை வருமோ என்று குடும்பங்கள் பயப்படுகின்றன. அந்தப் பயம் காரணமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது மருத்துவத் தகவல். யாரையும் குற்றம் சொல்லவில்லை, சிறை மருத்துவரின் வேலையை எளிதாக்குகிறது.

மூன்றாவது, உங்கள் பிரதியில் தேதி, நேரத்தோடு பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் கையெழுத்தும் வாங்குவது. தர மறுத்தால் போனில் படம் எடுத்து அன்றைக்கே சிறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டும் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, சாயங்காலத்துக்குள் வக்கீலுக்கு போன். காரணம் கீழே வருகிறது.

மருத்துவர் அன்று மாலையே தம்பியைப் பார்த்து, மருத்துவமனை வார்டுக்கு மாற்றி, நிறுத்தப்பட்ட மருந்தைத் திரும்பத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதோடு பிரச்சினை முடியவில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். ஆகவே ‘மாத்திரை குடுத்துட்டோம்’ என்ற பதிலோடு நிறுத்தாமல், இந்த வாரங்களில் கண்காணிப்பு யார் பொறுப்பு, ஆலோசகர் எப்போது பார்க்கிறார் என்று கேட்க வேண்டும்.

## எவற்றைக் கேட்கலாம்

1. மருத்துவ அதிகாரியின் உடனடிப் பரிசோதனை, பிறகு மனநல மருத்துவரின் பரிசோதனை. பரப்பன அக்ரஹாராவில் இருப்பவரை நிம்ஹான்ஸுக்கு அனுப்பும்படி கேட்கலாம். போலீஸ் பாதுகாப்புக்கு ஆள் இல்லை என்ற பதில் அடிக்கடி வரும். அப்படியானால் மனநல மருத்துவர் சிறைக்கு எந்த நாளில் வருவார், அதுவரை என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

2. மருந்து தொடர்ச்சி. வீட்டிலிருந்து கொண்டுபோகும் மாத்திரையைக் கைதியின் கையில் தரமாட்டார்கள், தரவும் கூடாது. சீட்டையும் மருந்தையும் மருத்துவ அதிகாரி வழியாகக் கொடுங்கள். ஒவ்வொரு வேளையும் எதிரில் நின்று விழுங்க வைக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். மாத்திரையைச் சேர்த்துவைப்பதும் ஓர் ஆபத்து.

3. துணை. தேசிய மனித உரிமை ஆணையம் 2023இல் சிறைத் தற்கொலைகளைத் தடுக்க ஓர் அறிவுரையை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. கவனமாகத் தேர்ந்தெடுத்த சக கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவரை அடையாளம் காணச் செய்வது அதில் ஒன்று. தெரிந்த, மொழி புரிந்த ஒருவர் பக்கத்தில் படுக்கும்படி செய்யுங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. தமிழ் மட்டுமே தெரிந்தவர் என்றால், தமிழ் பேசும் ஆலோசகரையோ மொழிபெயர்க்க நம்பகமான ஒருவரையோ கேளுங்கள். மனசைத் திறக்க வேண்டிய இடத்தில் அரைகுறைக் கன்னடம் உதவாது.

4. கூடுதல் போன், நேர்காணல். குடும்பத் தொடர்பை அதிகரிப்பதும் அந்த ஆணையத்தின் அறிவுரையில் உண்டு. 1,382 சிறைகளின் நிலை பற்றிய வழக்கில் 2017 செப்டம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் குடும்பச் சந்திப்புகளை ஊக்குவிக்கவும், போன், வீடியோ வசதியைப் பார்க்கவும் சொன்னது. ஓசூரிலோ தர்மபுரியிலோ இருக்கும் அம்மா eprisons.nic.in தளத்தில் வீடியோ சந்திப்புக்குப் பதிவு செய்யலாம்.

## தனி அறை ஏன் கூடாது

‘அவர் பாதுகாப்புக்காகத் தனி செல்லில் வைத்திருக்கிறோம்’ என்ற பதில் நல்ல பதில் போலத் தோன்றும். சிறை நடைமுறையில் இதுதான் மிக எளிய வழி: ஆளைப் பிரித்து வைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது. ஆனால் தனிமை தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சிறைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: ஆபத்தில் இருப்பவரைப் பிறருடன் சேர்த்து வைக்க வேண்டும், தனியாக வைத்தே ஆக வேண்டும் என்றால் ஓர் ஆள் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மணிக்கு ஒருமுறை வார்டர் எட்டிப்பார்ப்பதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. கேமரா இருக்கிறது என்பதும் பதில் ஆகாது. அந்தத் திரையை அந்த நேரத்தில் யாராவது பார்க்க வேண்டும், பார்த்தவர் ஓடிவர வேண்டும். ஆகவே கடிதத்தில் ‘பாதுகாப்பாக வையுங்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘தனி அறையில் வைக்க வேண்டாம், மருத்துவமனை வார்டிலோ பிறருடனோ வையுங்கள்’ என்று தெளிவாக எழுதுங்கள். பொதுவாக எழுதினால் அதற்குப் பதிலாகத் தனி செல்லே கிடைக்கலாம்.

## கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால்

மிக வேகமான வழி, அவரைச் சிறைக்கு அனுப்பிய நீதிமன்றம். விசாரணைக் கைதி நீதிமன்றக் காவலில் இருக்கிறார். கடித நகலையும் பழைய மருத்துவச் சீட்டையும் இணைத்து வக்கீல் ஒரு மனு போடலாம்: மனநல மருத்துவரிடம் பரிசோதித்து, இத்தனை நாளுக்குள் அறிக்கையைக் கோர்ட்டுக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று. காவல் நீட்டிப்புக்கு வீடியோவில் காட்டும்போது மாஜிஸ்ட்ரேட்டிடம் கைதியே சொல்லவும் செய்யலாம். அறிக்கையைக் கோர்ட் கேட்டுவிட்டால் சிறை அலுவலகத்தில் கோப்பு நகரும் வேகமே வேறு. சாயங்காலமே வக்கீலுக்கு போன் செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகுங்கள். இலவச எண் 15100. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு ஒன்று மாவட்ட நீதிபதி தலைமையில் கூடும். நோயுற்றவர்களின் விடுதலையைப் பரிந்துரைப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. தம்பியின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி ஆணையத்திடம் எழுதிக் கேளுங்கள். அது மெதுவான வழி, ஆனாலும் இன்றே தொடங்கி வைக்கலாம்.

மனநலச் சட்டத்தின் 103ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறக்கிறது. சிறை மருத்துவ அதிகாரி மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். மனநோய் உள்ள ஒருவரை மருத்துவமனைக்கு மாற்றாமல் ஏன் சிறையில் வைத்திருக்கிறீர்கள் என்று வாரியம் நேரில் வந்து கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல மையம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவு. அன்றிரவு நெருக்கடிக்கு வாரியம் உதவாது. வாரக்கணக்கில் சிகிச்சை கிடைக்காத வழக்குக்கு அது உதவும்.

ஒரு பயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ‘சாகப் பார்த்தேன் என்று சொன்னால் இன்னொரு கேஸ் போடுவார்களோ?’ அந்தச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வதை மட்டும் 226ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. சிறைக்குள் ஒருவரின் துயரத்தை ‘மிரட்டல்’ என்று எழுதிவிட இந்தப் பிரிவு வழிவிடும் என்பது என் கவலை. முன்கூட்டியே பதிவான மருத்துவ வரலாறு அங்கேயும் காப்பாற்றும்.

## ‘விவரம் சொல்ல முடியாது’ என்றால்

சிகிச்சை விவரம் ரகசியம் என்று மருத்துவர் மறுப்பது சட்டப்படி சரிதான். அதற்குச் சட்டமே ஒரு வழியும் வைத்திருக்கிறது. மனநலச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பிய எவரும் ஒருவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக எழுதிவைக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் தேவையில்லை. பிரதிநிதியும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் கடமையைச் செய்யத் தேவையான சிகிச்சை விவரம் அவருக்குத் தரப்படலாம். வக்காலத்தில் கையெழுத்து வாங்க வக்கீல் போகும்போதே இந்தத் தாளையும் கொடுத்து அனுப்புங்கள். தம்பி தெளிவாக இருக்கும் நாளில் வாங்கி வைப்பது நல்லது.

## மரணம் நேர்ந்துவிட்டால்

இதை எழுதவே கை வரவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். காவலில் நடக்கும் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி மாஜிஸ்ட்ரேட் விசாரணை நடக்க வேண்டும். முடிந்தவரை உறவினருக்குத் தகவல் தந்து, விசாரணையில் உடனிருக்க விட வேண்டும். முத்திரை வாங்கிய அந்தக் கடித நகலும் அனுப்பிய மின்னஞ்சலும் அங்கே சாட்சி.

## விடுதலை நாள்

ஜாமீன் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் மறப்பது மருந்தை. ராத்திரி 8 மணிக்கு வெளியே வருகிறார். கையில் துணிப்பை இருக்கிறது, மாத்திரை இல்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் புறநோயாளிப் பிரிவும் இருக்காது. வெளியே வந்த முதல் சில வாரங்களும் ஆபத்தான காலம்தான்: கடன், வேலை போனது, தெருவில் பார்க்கும் பார்வை.

2018 விதிகள் விடுதலைக்குப் பிந்தைய மருந்தையும் குடும்பத்துக்கு விளக்குவதையும் பின்தொடர்தலையும் சிறையின் பொறுப்பில் சேர்த்திருக்கின்றன. எனவே ஜாமீன் உத்தரவு வந்த உடனே, பிணை காகிதங்களோடு சேர்த்து மூன்றைக் கேளுங்கள்: சிறை மருத்துவக் குறிப்பின் நகல், இப்போது எடுக்கும் மருந்தின் பெயரும் அளவும், அடுத்த பரிசோதனை வரை போதுமான மாத்திரை. இரவில் அவருக்கோ வீட்டில் உங்களுக்கோ தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து, பழைய மாத்திரை இருந்தால் அவர் வருவதற்கு முன்பே அப்புறப்படுத்திவிடுங்கள். முதல் ஒரு வாரம் மாத்திரை டப்பா அக்கா கையில் இருக்கட்டும்.